தயிரை நிறுத்தினால் பாலும் நட்டத்தில் விழும்: பரப்புச் சிக்கனத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறிய பால் ஆலைகளின் கணக்கைப் பார்க்கும் எவரிடமும் அடிக்கடி வரும் கேள்வி இது: "தயிரில் நட்டம் காட்டுகிறதே, நிறுத்திவிடலாமா?" பெரும்பாலும் அந்த நட்டம் தயிரில் இருப்பதில்லை. கணக்கு எழுதிய விதத்தில் இருக்கிறது.

ஒரே கூரையின் கீழ் பால் பாக்கெட்டும் தயிரும் தயாரிக்க ஆகும் செலவு, அதே அளவுப் பாலையும் தயிரையும் தனித்தனி ஆலைகளில் தயாரிக்க ஆகும் செலவைவிடக் குறைவாக இருந்தால், அதைப் பொருளியலில் பரப்புச் சிக்கனம் என்கிறார்கள். ஜான் பான்சர், ராபர்ட் வில்லிக் என்ற அமெரிக்கப் பொருளியலாளர்கள் இந்தக் கருத்துக்குத் திட்டமான வடிவம் கொடுத்தார்கள். 1981-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை இன்றும் பாடமாக இருக்கிறது.

முதல் தவறு, இதைப் பேரளவு உற்பத்தியின் சிக்கனத்தோடு குழப்பிக்கொள்வது. பத்தாயிரம் பாக்கெட்டுக்குப் பதிலாக இருபதாயிரம் பாக்கெட் போட்டு ஒரு பாக்கெட்டின் செலவைக் குறைத்தால் அது பேரளவின் பலன். பரப்புச் சிக்கனத்தில் அளவு கூட வேண்டியதில்லை. பாலின் அளவும் தயிரின் அளவும் அப்படியே இருக்க, இரண்டையும் சேர்த்துச் செய்வதாலேயே மிச்சமாவதுதான் கணக்கு. அதனால் "தயிர் தொடங்கிய பிறகு லிட்டருக்கு ஆகும் செலவு குறைந்தது" என்று ஒருவர் சொன்னால், அதே சமயம் கொள்முதலும் கூடியதா என்று முதலில் கேட்க வேண்டும். கூடியிருந்தால் எந்தச் சிக்கனம் வேலை செய்தது என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இப்போது ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. பாலின் கொள்முதல் விலையைத் தள்ளிவிட்டு, ஒரு நாள் ஆலைச் செலவை மட்டும் பார்ப்போம். பாலைப் பரிசோதிக்கும் கூடம், கொதிகலன், பாலை 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கும் பாஸ்டரைசர், குளிர் அறை, விநியோக வண்டி ஆகியவை இரண்டுக்கும் பொது: 14,000 ரூபாய். பால் பாக்கெட்டுக்கு மட்டும் ஆகும் செலவு 16,000. உறை ஊற்றி வெதுவெதுப்பான அறையில் வைத்து, பிறகு குளிரவைத்துத் தயிராக அனுப்ப மட்டும் ஆகும் செலவு 10,000. ஆக மொத்தம் 40,000.

இதையே இரண்டு ஆலைகளாகப் பிரித்தால் பால் ஆலைக்கு 30,000, தயிர் ஆலைக்கு 24,000, சேர்த்து 54,000. பொதுச் செலவை இருமுறை சுமக்காததால் 14,000 மிச்சம். சேர்ந்த செலவான 40,000-இல் இது 35 சதவீதம். பரப்புச் சிக்கனத்தின் அளவுகோல் இந்த விகிதம்தான்.

அடுத்து வருவதுதான் அதிகம் சேதம் செய்யும் தவறு. கணக்காளர் மாத முடிவில் பொதுச் செலவை இரண்டு பொருளுக்கும் சரிபாதியாகப் பங்கிடுகிறார். தயிரின் பங்கு 7,000, அதன் தனிச்செலவு 10,000, ஆகச் செலவு 17,000. பால் விலை போகத் தயிரில் கையில் நிற்பது 15,000. ஏட்டில் 2,000 நட்டம். பாலில் கையில் நிற்பது 28,000. அதில் தனிச்செலவு 16,000, பொதுச் செலவின் பங்கு 7,000, ஆக 23,000 கழித்தால் 5,000 லாபம். பார்த்தவுடன் தயிரை நிறுத்தத் தோன்றும்.

நிறுத்திப் பாருங்கள். தயிரின் 15,000 வரவு போகும். 10,000 தனிச்செலவும் போகும். ஆனால் கொதிகலன் அணையாது, பரிசோதனைக் கூடம் மூடாது, வண்டி அதே தெருக்களுக்கு ஓடும். பொதுச் செலவு 14,000 முழுவதும் பாலின் தலையில் விழும். 28,000 வரவுக்கு எதிராக 30,000 செலவு. நேற்றுவரை நாளுக்கு 3,000 லாபம் பார்த்த ஆலை, நட்டப் பொருளை நீக்கிய மறுநாளே 2,000 நட்டத்தில் நிற்கும். லிட்டர் கணக்கிலோ விற்பனை விகிதத்திலோ பிரித்தாலும் எண்கள் மாறுமே தவிர, இந்தப் பங்கீடு நிறுத்தலாமா என்ற கேள்விக்கு விடை தராது. விலை நிர்ணயத்துக்கோ இருப்பின் மதிப்புக்கோ பங்கீடு தேவைப்படலாம். நிறுத்துவது பற்றிய முடிவுக்குக் கேட்க வேண்டியது ஒன்றே: இந்தப் பொருள் நாளை இல்லையென்றால் எந்தெந்த பில் வருவது நிற்கும்? தயிருக்காக வைத்த ஆட்களை அனுப்ப முடியாமல் வேறு வேலையில் போட நேர்ந்தால் அந்த 10,000-கூட முழுவதும் நிற்காது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: எந்தப் புதுப் பொருளைச் சேர்த்தாலும் மிச்சம் வரும் என்று நம்புவது. பொதுவில் பயன்படும் இயந்திரத்தில் காலியான நேரம் இருக்கும்வரைதான் அந்த நம்பிக்கை செல்லும். மணிக்கு 2,000 லிட்டர் ஓடும் பாஸ்டரைசரில் 5,000 லிட்டர் பால் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும்; மீதி நேரம் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் புதுப் பொருள் ஓடினால் இயந்திரத்துக்காகப் புதிதாக முதல் போட வேண்டாம். ஏற்கெனவே இரவு முழுவதும் ஓடுகிற இயந்திரத்தில் பாதாம் பாலை நுழைத்தால், அது பால் பாக்கெட்டின் நேரத்தைத் தின்னும்.

பாதாம் பாலுக்கு இன்னொரு விலையும் உண்டு. ஏலக்காய் வாசனை குழாயில் தங்கினால் அடுத்து வரும் வெறும் பாலில் தெரியும். அதனால் இடையில் தண்ணீர், காரக் கரைசல், மறுபடி தண்ணீர், அமிலக் கரைசல், மறுபடி தண்ணீர் என்று கழுவ வேண்டும். முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் போகும். ரசாயனமும் நீராவியும் தனி. அனுபவமுள்ள ஆட்கள் வாசனையில்லாத பாலை முதலில் ஓட்டிவிட்டு, வாசனைப் பாலைக் கடைசியில் வைப்பார்கள். அப்போது நாள் முடிவில் எப்படியும் செய்ய வேண்டிய கழுவலே இதற்கும் போதும். வரிசை தவறினால் மிச்சம் என்று நினைத்தது சாக்கடையில் போகும்.

ஐஸ்கிரீமில் பலர் சறுக்குவது வேறு காரணத்தால். பால் ஒன்று, கடையும் ஒன்று. ஆகவே வண்டியும் பொது என்று நினைக்கிறார்கள். பால் வண்டி 4 டிகிரியை ஒட்டிக் குளிர் காக்கும். ஐஸ்கிரீமுக்கு மைனஸ் 18 வேண்டும். ஆகவே தனி வண்டி, தனிக் குளிர் அறை, கடையில் தனிப் பெட்டி. கடைக்காரர் கண்ணில் உறவாகத் தெரியும் பொருள்கள் ஆலைக்குள் உறவாக இருக்க வேண்டியதில்லை.

குஜராத்தின் ஆனந்த் நகரில் நடந்ததை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 1946-இல் தொடங்கிய கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் சங்கம் பம்பாய்க்குப் பால் அனுப்பிவந்தது. குளிர்காலத்தில் எருமைகள் அதிகம் கறக்கும். அவ்வளவையும் பம்பாய் வாங்கவில்லை. காலையும் மாலையும் கிராமங்களில் பால் சேகரிக்கும் ஏற்பாடு எப்படியும் இருந்தது. குளிர்காலப் பாலுக்குத்தான் போக்கிடம் இல்லை. 1955-இல் திறந்த ஆலை அந்த உபரியை வெண்ணெயாகவும் பால் பவுடராகவும் மாற்றியது. பால் கெட்டுவிடும், பவுடர் மாதக்கணக்கில் இருக்கும். எங்கே உபரி தேங்கியதோ அங்கேதான் அடுத்த பொருள் பிறந்தது.