பொமரேனியன் குட்டிக்கும் கிரேட் டேன் குட்டிக்கும் ஒரே அளவுகோல் வேண்டாம்

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் கிரேட் டேன் நாய்க்குட்டி வாங்குகிறவர்கள் செய்யும் முதல் காரியம், கால்சியம் டானிக் வாங்குவதுதான். தயவுசெய்து வேண்டாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு அதிகப்படியான கால்சியத்தைத் தடுக்கத் தெரியாது. எலும்பு கோணலாக வளரும். அளவுக்கு மீறிய தீனியும் அப்படித்தான், உடலை வேகமாகப் பெருக்கி மூட்டைக் கெடுக்கும்.

மூன்று மாதத்தில் 15 கிலோ இருக்கும் கிரேட் டேனுக்கு, பெருஇனக் குட்டிகளுக்கான உலர் தீனியில் பாக்கெட் அட்டவணை நாளுக்கு 360 கிராம் சொன்னால், 120 கிராமாக மூன்று வேளை கொடுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளை. தட்டை எப்போதும் நிரப்பி வைக்காதீர்கள். விலா எலும்புகள் கண்ணுக்குத் துருத்தாமல், விரலால் தடவினால் எளிதில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் அளவைச் சற்றுக் குறையுங்கள். தீனியோடு சோறும் போட்டால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அதே வயது பொமரேனியனுக்குக் கவலையே வேறு. ஒரு கிலோ சொச்சம் எடையுள்ள குட்டிக்கு 60 கிராம் போதும், ஆனால் நான்கு வேளையாக. நீண்ட நேரம் வயிறு காய்ந்தால் ரத்தச் சர்க்கரை சட்டென இறங்கும். தள்ளாட்டம், நடுக்கம், சோர்வு தெரிந்தால் ஈறில் தேன் தடவிவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். சித்திரை வெயிலில் பகல் உணவைக் குட்டி ஒதுக்கும். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்தும் கூடுதலாகக் கொடுத்து, இரவு படுக்கும்முன் ஒரு வேளையைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.