திரையைப் போனில் படமெடுத்தால் விழும் கோடுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி முழுதாகத் தொடங்குவதற்கு முன்பே ஒரு பிழைச் செய்தி வந்து அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கட்டத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வழியில்லை. போனில் படமெடுத்து, பழுது பார்ப்பவருக்கு அனுப்பினேன். "எழுத்தே தெரியலைங்க, ஒரே கோடு கோடா இருக்கு" என்று பதில் வந்தது. ஏழெட்டுத் தடவை மாற்றி மாற்றி எடுத்தும் கோடு போகவில்லை. இடத்தை மாற்றினேன், கையை ஆடாமல் பிடித்தேன், எதுவும் பலிக்கவில்லை. அந்தக் கோடுகள் இரண்டு வெவ்வேறு காரணங்களால் வருபவை என்பதும், ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு வேலை செய்யாது என்பதும் அப்புறம்தான் புரிந்தது.

எல்லாக் கோடுகளையும் ஒன்றாக நினைப்பதுதான் முதல் தவறு. எது எது என்று பிரித்தறிவது எளிது. கேமராவைத் திறந்து, படம் எடுக்காமல், போனை அசையாமல் பிடித்துக்கொண்டு போனின் திரையைப் பாருங்கள். அகலமான, நேரான, இருண்ட பட்டைகள் தெரிந்து, போன் அசையாதபோதும் அவை மெல்ல ஊர்ந்து போனால் அது திரையின் துடிப்பால் வருவது. மாறாக, வளைந்து நெளிந்த, இளஞ்சிவப்பும் பச்சையுமான மெல்லிய கோடுகள் தெரிந்து, போனை ஓர் அங்குலம் நகர்த்தினாலே உருவம் மொத்தமாக மாறினால், அது மொய்ரே.

துடிப்பை முதலில் பார்ப்போம். பல திரைகளின் ஒளி, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிகிறது. திரையின் படமும் பெரும்பாலும் நொடிக்கு 60 முறை மேலிருந்து கீழாகப் புதிதாக எழுதப்படுகிறது. போன் கேமராவும் படத்தை ஒரே கணத்தில் மொத்தமாக எடுப்பதில்லை. சென்சாரை வரிசை வரிசையாகப் படிக்கிறது. ஷட்டர் வேகம் 1/1000 நொடி என்றால், ஒளி குறைந்த கணத்தில் படிக்கப்பட்ட வரிசைகள் இருண்டுபோகும். அதுதான் பட்டை.

இதற்குக் கையை அசைக்காமல் பிடிப்பதோ, தூரத்தை மாற்றுவதோ உதவாது. ஷட்டர் போதுமான நேரம் திறந்திருந்து, ஒவ்வொரு வரிசைக்கும் முழுத் துடிப்புகள் கிடைக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 1/60 அல்லது 1/30 வைத்தால் பட்டை மறையும். கேமராவில் புரோ மோடு இருந்தால் அதில் இதை அமைக்கலாம். ஒளிக்குச் சென்சாரின் உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை இருப்பதிலேயே குறைந்த அளவில் வையுங்கள்.

இந்த இடத்தில்தான் பலரும் இன்னொரு தவறு செய்கிறார்கள். படம் தெளிவாக வரட்டும் என்று திரையின் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டுகிறார்கள். வெளிச்சம் கூடினால் ஆட்டோ மோடில் போன் ஷட்டரை இன்னும் வேகமாக்கிவிடும். புரோ மோடிலோ, போன் லென்ஸின் துளையைப் பெரும்பாலும் சுருக்க முடியாது என்பதால் 1/30-இல் படம் வெளுத்துப்போகும். ஆகவே திரையின் வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டு, மெதுவான ஷட்டரில் எடுப்பதே சரி. வெளிச்சத்தைக் குறைத்தால் சில திரைகளில் துடிப்பு கூடும், உண்மைதான். ஆனால் அத்துடிப்பு பெரும்பாலும் மிக வேகமானது. 1/30 நொடிக்குள் பல முறை வந்துபோய்ச் சராசரியாகிவிடும். 1/30-இல் கை ஆடினால் எழுத்து கலங்கும், அதனால் போனை எதிலாவது சாய்த்து வைத்து டைமரில் எடுங்கள்.

சரி, மொய்ரேவுக்கு வருவோம். இரண்டு வலைத்துணிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், எந்த வலையிலும் இல்லாத பெரிய அலைகள் தோன்றும் இல்லையா? இங்கே ஒரு வலை திரையின் புள்ளிகள், இன்னொன்று சென்சாரின் புள்ளிகள்.

என் மானிட்டரையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அகலத்தில் 1920 புள்ளிகள். போன் எடுக்கும் படத்தின் அகலம் சுமார் 4000 பிக்சல். திரை படத்தை முழுதாக நிரப்பும்படி எடுத்தால், திரையின் ஒரு புள்ளிக்கு இரண்டு பிக்சலுக்குச் சற்று மேல் கிடைக்கிறது. போதும் என்று தோன்றும். ஆனால் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தை மட்டுமே பார்க்கிறது; சிவப்பைப் பார்க்கும் புள்ளி ஒன்றுவிட்டு ஒன்றுதான் வரும், ஆக 2000 மட்டுமே. 1920-க்கும் 2000-க்கும் இடையே 80 வித்தியாசம். இரண்டும் 80 முறை ஒத்துப்போய் விலகுகின்றன, அதனால் திரையின் குறுக்கே சுமார் 80 வண்ணக் கோடுகள்.

கோடு தெரிந்ததும் நான் செய்தது பின்னால் நகர்ந்ததுதான். அது நிலைமையை மோசமாக்கியது. திரை படத்தில் பாதியளவு வரும்படி நகர்ந்தால், 1920 புள்ளிகளுக்கு மொத்தமே 2000 பிக்சல். இப்போது நிறம் மட்டுமல்ல, வெளிச்சமே கோடு போடும். நெருங்கிப் போவதே வழி. செய்தி இருக்கும் பகுதியை மட்டும், திரையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு படத்தை நிரப்பும்படி எடுத்தபோது, ஒரு புள்ளிக்கு ஆறு பிக்சலுக்கு மேல் கிடைத்தது. கோடுகள் அடங்கிவிட்டன. முழுச் செய்திக்கும் மூன்று படங்கள் தேவைப்பட்டன, அவ்வளவுதான். முழுத்திரையும் ஒரே படத்தில் வேண்டும் என்றால், ஃபோகஸைத் துளி விலக்கி எடுங்கள். எழுத்து சற்றே மென்மையாகும், ஆனால் படிக்க முடியும். கோடு விழுந்த படத்தைப் பிறகு சரிசெய்வது மிகக் கடினம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெரிய படத்தைப் போனின் சிறிய திரைக்குள் சுருக்கிக் காட்டும்போதே மொய்ரே புதிதாக உண்டாகலாம். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மெசேஜ் செயலிகளும் படத்தைச் சுருக்குவதால், நம்மிடம் சுத்தமாக இருந்தது அவர்களிடம் கோடாகப் போய்ச் சேரும். படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

கோடுகள் போக, திரையில் விழும் பளபளப்புக்குக் காரணம் அனேகமாக நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஃபிளாஷை அணைப்பது எல்லோருக்கும் தெரியும். பின்னால் உள்ள ஜன்னலும் நம் வெள்ளைச் சட்டையும் திரையில் தெரிவதை யாரும் கவனிப்பதில்லை. கருப்புப் பின்னணித் திரையில் இது இன்னும் எடுப்பாகத் தெரியும். பக்கவாட்டில் ஒதுங்கி எடுத்தால் ஒரு ஓரம் ஃபோகஸை விட்டு நழுவும். நேராக நின்று, பின்னால் ஓர் அடர்நிறத் துணியைத் தொங்கவிடுவது மேல். அறையை இருட்டாக்கினால், போன் திரையில் எழுத்தின் மேல் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இழுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் இருட்டுக்குச் சரிக்கட்டப் போய் எழுத்து எரிந்துவிடும்.

ஜன்னல் கண்ணாடி வழியே வெளியே எடுக்கும்போது லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் பிரதிபலிப்பு நுழைய இடமிருக்காது, கண்ணாடியின் அழுக்கும் மங்கிப்போகும். சாய்ந்து எடுக்க வேண்டியிருந்தால், லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் என்ற வடிகட்டி உதவும். கண்ணாடிப் பரப்பிலிருந்து சுமார் 34 டிகிரி சாய்வில் அது பிரதிபலிப்பை நன்றாக வெட்டும். நேராக நின்று எடுத்தால் எதுவும் செய்யாது. அதே போலரைசரோடு எல்சிடி திரையை எடுத்தால் திரை கன்னங்கரேலென்று தெரியலாம். திரையின் ஒளி ஏற்கெனவே ஒரே திசையில் அதிர்வதுதான் காரணம். போலரைசரின் வளையத்தைக் கால் சுற்றுத் திருப்பினால் படம் திரும்பி வந்துவிடும்.