சண்டைய ஹால்ல போடுறோம், சமாதானத்த ரூமுக்குள்ள வச்சுக்கிறோம்

போன ஆவணியில எங்க நாத்தனார் பொண்ணுக்கு அழகர்கோவில்ல காதுகுத்து. எங்க வீட்டுக்காரர்தான் தாய்மாமன், அவர் மடியில வச்சுத்தான் குத்தணும், சீரும் அவர்தான் கொண்டு போகணும். தோடு அரைப் பவுன்ல எடுப்போமா ஒரு பவுன்ல எடுப்போமான்னு சாதாரணமாத்தான் பேச ஆரம்பிச்சோம், ஆனா பிள்ளைங்க ஸ்கூல் பீஸுக்குன்னு நான் மாசாமாசம் கட்டிட்டு வந்த சீட்டுப் பணத்துல இருந்து எடுத்து அவர் ஏற்கெனவே கடையில அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துட்டார்னு தெரிஞ்சதும் எனக்கு தாங்கல. மதுரை வில்லாபுரத்துல எங்க வீடு ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு அடுப்படி, அம்புட்டுதான். பிள்ளைங்க ரெண்டும் ஹால்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சுங்க. நான் கத்துனேன், அவர் பதிலுக்கு கத்துனார், "பீஸு பீஸுன்னு எப்பப் பாரு அதே பேச்சு"ன்னு சொல்லி கையில இருந்த எவர்சில்வர் டம்ளர தரையில அடிச்சார். அது உருண்டு போயி சின்னவ தட்டுக்கிட்ட நின்னுச்சு.

அன்னைக்கு ராத்திரி பிள்ளைங்க தூங்குனதுக்கு அப்புறம் ரூமுக்குள்ள நாங்க பேசுனோம். அவர் கேக்காம எடுத்தது தப்புன்னு ஒத்துக்கிட்டார், நானும் அவங்க அக்காவ பத்தி பேசுனது ஜாஸ்திதான்னு சொன்னேன். அரைப் பவுனுக்கே முடிச்சுக்கிறதுன்னு பேசி முடிச்சாச்சு. காலையில ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசி காபி குடிச்சோம். எங்க கணக்குல சண்டை முடிஞ்சு போச்சு.

திங்கக்கிழமை சின்னவளோட பையில டிபன் பாக்ஸ எடுக்கும்போது ஒரு சீட்டு நாலா மடிச்சு பென்சில் டப்பாவுக்கு அடியில இருந்துச்சு. காந்தி மியூசியத்துக்கு கூட்டிட்டுப் போறோம், 150 ரூவா குடுத்துவிடுங்கன்னு ஸ்கூல்ல குடுத்தது. ஏன்டி குடுக்கலன்னு கேட்டா, "வேணாம்மா, பணம் கேட்டா திரும்ப டம்ளர் விழும்"னு சொன்னா. ஆறு வயசு. எனக்கு அப்படியே உக்காந்துரலாம் போல இருந்துச்சு. நான் பதினோரு வருஷமா ஒண்ணாவது ரெண்டாவது பிள்ளைங்களுக்கு பாடம் எடுக்குறவ, வீட்ல சண்டை நடந்த பிள்ளைய வகுப்புல பாத்தாலே கண்டுபுடிச்சுருவேன், என் பிள்ளைய நான் கவனிக்கல.

நாம பண்ற பெரிய தப்பு இதுதான். சண்டை போட்டது தப்புதான், ஆனா அதவிட பெரிசு, சண்டையோட ஆரம்பத்த பிள்ளைக்கு முழுசா காட்டிட்டு முடிவ மட்டும் மறைக்கிறது. கதவுக்கு உள்ள நடந்த சமாதானம் பிள்ளைக்கு தெரியாது, அதுக்கு தெரிஞ்சது டம்ளர் மட்டும்தான். அமெரிக்காவுல நாட்டர் டேம் பல்கலைக்கழகத்துல இருக்குற மார்க் கம்மிங்ஸ் இத பத்தி ரொம்ப வருஷமா ஆராய்ச்சி பண்ணவரு. பெரியவங்க சண்டை போடுற மாதிரி நடிச்ச காட்சிகள பிள்ளைங்களுக்கு போட்டுக் காட்டி, முடிவ மட்டும் மாத்தி மாத்தி வச்சுப் பாத்திருக்காங்க. சண்டை ஒரு முடிவுக்கு வந்தத பாத்த பிள்ளைங்களுக்கு பதட்டம் நல்லா குறைஞ்சிருக்கு, அப்படியே அந்தரத்துல நின்ன சண்டைய பாத்த பிள்ளைங்களுக்கு குறையல. எனக்கு இதுல ரொம்ப ஆறுதலா இருந்த விஷயம், சமாதானம் கண்ணு முன்னாடிதான் நடக்கணும்னு கட்டாயம் இல்ல, உள்ள பேசி முடிச்சுட்டு வெளிய வந்து முடிஞ்சிருச்சுன்னு பிள்ளைக்கிட்ட சொன்னாலும் பலன் இருக்கு. அப்ப லேட்டானாலும் சரி பண்ணலாம்.

ஏன் பிள்ளைங்க பழிய தன் மேல போட்டுக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டா மிச்சம் ஈஸியா புரியும். மூணுல இருந்து ஏழு வயசு வரைக்கும் அதுக்கு உலகமே தன்ன சுத்தித்தான் ஓடுது, நடக்குற எல்லாத்துக்கும் தான்தான் காரணம்னு நெனைக்கிற வயசு. நாங்க பேசுனது சீட்டு, சீரு, நாத்தனாருன்னு எவ்வளவோ, அவளுக்கு புரிஞ்ச ஒரே வார்த்தை பீஸு. பீஸுன்னா நம்மதான், அப்ப நம்மளாலதான் சண்டை. அதனால நீங்க சரி பண்ண உக்காரும்போது மொதல்ல ரெண்டு பேரும் யோசிக்க வேண்டியது, அந்த சண்டையில பிள்ளைய தொட்ட வார்த்தை எது? மார்க்கா, பீஸா, "இதுகளுக்காகத்தான் உன்கூட இருக்கேன்"னு சொன்னதா? அந்த வார்த்தைய எடுத்து அது காரணம் இல்லன்னு பேரு சொல்லி சொல்லணும். பொதுவா "உன் தப்பு இல்லடா"ன்னா அந்த வயசுல ஒட்டாது.

நாங்க மொத தடவை சரி பண்ண உக்காந்தப்ப சொதப்பிட்டோம், அதையும் சொல்லிர்றேன். சீட்ட பாத்த அன்னைக்கு சாயந்திரமே ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சு, "அப்பா தெரியாம பணத்த எடுத்துட்டார், அதான் அம்மாவுக்கு கோவம்"னு நான் ஆரம்பிச்சேன், "தெரியாம இல்ல, சொல்லலாம்னுதான் இருந்தேன்"னு அவர் சொன்னார், ரெண்டே நிமிஷத்துல அதே சண்டை திரும்ப. பெரியவன், அவனுக்கு பதினொண்ணு, ஒண்ணும் சொல்லாம தங்கச்சி கையப் புடிச்சு மாடிக்கு கூட்டிட்டுப் போயிட்டான். பிள்ளைய பஞ்சாயத்து பண்ற இடத்துல உக்கார வச்சுட்டோம், யாரு பண்ணது தப்புன்னு விளக்க ஆரம்பிச்சாலே அது அங்கதான் போயி நிக்கும்.

அடுத்த நாள் நாங்க ரெண்டு பேரும் என்ன சொல்லப் போறோம்னு முன்னாடியே பேசி வச்சுக்கிட்டோம். சாப்பாடு முடிஞ்சு, டிவிய அமத்திட்டு, பாய்ல அவங்க பக்கத்துல உக்காந்தோம். அவர்தான் ஆரம்பிச்சார், டம்ளர அடிச்சவர் அவர்ங்கிறதால அவர் வாயால வரணும்னு நெனைச்சோம். "அன்னைக்கு அப்பா கத்துனேன், டம்ளர அடிச்சேன். உனக்கு பயமா இருந்திருக்கும். அது அப்பா பண்ண தப்பு. பணம் விஷயத்துல எனக்கும் அம்மாவுக்கும் வேற வேற யோசனை, அத பேசி முடிச்சுட்டோம், தோடு சின்னதா எடுக்குறோம். உன் பீஸுனால சண்டை வரல பாப்பா, பீஸ் கட்டுறது எங்க வேலை, நீ மியூசியத்துக்கு காசு கேட்டாலும் யாருக்கும் கோவம் வராது." நான் "அம்மாவும் கத்துனேன், அத்தைய பத்தி அப்படி பேசியிருக்கக் கூடாது"ன்னேன். அம்புட்டுதான், மூணு நிமிஷம் இருக்கும். நடந்தத மழுப்பாம சொன்னது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்னு சொன்னது, அந்த வார்த்தைய எடுத்தது, எப்படி முடிஞ்சதுன்னு சொன்னது. அப்புறம் சும்மா இருந்தோம். சின்னவ "டம்ளர் ஒடுங்கிப் போச்சா?"ன்னு கேட்டா, எடுத்துட்டு வந்து காட்டுனார், தடவிப் பாத்துட்டு தூங்கப் போயிட்டா.

இதுல செய்யாம விட்டதும் முக்கியம். "இனிமே அப்பா அம்மா சண்டையே போட மாட்டோம்"னு நாங்க சொல்லல. அது நடக்காது, அடுத்த சண்டையில அந்த வாக்கும் சேந்து உடையும். கட்டிப்புடி, முத்தம் குடு, அப்பாவ மன்னிச்சுட்டேன்னு சொல்லுன்னும் கேக்கல, ஏன்னா அது நம்ம மனசு ஆறுறதுக்கு பிள்ளைய வேலை வாங்குறது. ஜிகர்தண்டா வாங்கிக் குடுத்து, பார்க்குக்கு கூட்டிட்டுப் போயி மறக்கடிக்கிறதும் அப்படித்தான், வாங்கிக் குடுங்க வேணாங்கல, ஆனா பேசாம வாங்கிக் குடுத்தா இந்த விஷயத்த பத்தி வாயத் தொறக்கக் கூடாதுன்னுதான் பிள்ளை கத்துக்கும்.

இன்னொண்ண நான் ரொம்ப லேட்டா கவனிச்சேன். சண்டை முடிஞ்ச மறுநாள் வெண்டைக்கா நறுக்கிக்கிட்டே எங்க அம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல போட்டு முழுக்கதையும் சொன்னேன். அம்மாச்சி அந்தப் பக்கம் இருந்து மருமகன வைய்யுறாங்க, பிள்ளைங்க பக்கத்துலயே உக்காந்திருக்கு. அதுங்களுக்கு அது ரெண்டாவது சண்டை, அதுவும் அப்பா இல்லாத நேரத்துல. கொட்டணும்னா மாடிக்குப் போயி கொட்டுங்க.

பேசாம இருந்துட்டா பிள்ளைக்கு தெரியாதுன்னு நெனைக்கிறவங்க நிறைய. "சாப்பிட வரச் சொல்லுடா உங்கப்பாவ"ன்னு பிள்ளைய தூது விடுறோமே, அந்த மூணு நாளு மௌனம் கத்துனதுக்கு குறைஞ்சது இல்ல. தூங்குற கைக்குழந்தைக்கு கேக்காதுங்கிறதும் நிக்காது. ஆறு மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்க தூங்கும்போது கோவமான குரல கேக்க வச்சு மூளைய ஸ்கேன் பண்ணிப் பாத்த ஆய்வு ஒண்ணு 2013-ல வந்துச்சு, அதுல சண்டை ஜாஸ்தியா இருக்குற வீட்டுக் குழந்தைங்க மூளையில அதுக்கு கூடுதலா அசைவு தெரிஞ்சிருக்கு.

சண்டை சூடா இருக்கும்போதே சரி பண்ணப் போகாதீங்க, உடம்பு அடங்குறதுக்கே குறைஞ்சது இருபது நிமிஷம் ஆகும்னு சொல்றாங்க, எனக்கு அதவிட ஜாஸ்தி ஆகும். நாம ரொம்ப கத்துனத பிள்ளை கேட்டுருச்சுன்னா அந்த நேரத்துக்கு "நாங்க இப்ப கோவமா இருக்கோம், அப்புறமா பேசி முடிச்சுட்டு உன்கிட்ட வந்து சொல்றோம்"னு ஒரு வரி போதும். ஆனா சொன்னா வந்து சொல்லணும்.

சரியாச்சா இல்லையான்னு எப்படி தெரியும்? சேட்டை திரும்பி வந்தா சரியாகுதுன்னு அர்த்தம். சண்டைக்கு அப்புறம் பிள்ளை திடீர்னு ரொம்ப சமத்தா மாறி, கேக்காமயே தட்ட கழுவி வச்சு, எதுவும் வேணும்னு கேக்காம இருந்துச்சுன்னா அத பாத்து சந்தோஷப்படாதீங்க, அது காவல் இருக்குது. எங்க சின்னவ ஒரு வாரம் அப்படி இருந்தா, எட்டாவது நாள் ஐஸ் வேணும்னு தெருவுல உருண்டா, எனக்கு உயிரே வந்துச்சு. காலையில ஸ்கூல் நேரத்துல வயித்து வலி, நிறுத்துன படுக்கையில மூத்திரம் திரும்ப வர்றது, ராத்திரி அலறி எந்திரிக்கிறது, இதெல்லாம் சில வாரம் தாண்டியும் நிக்கலன்னா டாக்டர்கிட்ட காட்டிருங்க. நம்ம ராஜாஜி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, பைத்தியம்னு எழுதிருவாங்கன்னு யாரும் பயப்பட வேணாம்.

அடி விழுற வீட்டுக்கு இது எதுவும் பொருந்தாது. கை நீட்டுறவர் மறுநாள் பிள்ளைக்கிட்ட உக்காந்து அழகா பேசுறது சமாதானம் இல்ல, பிள்ளை அந்தப் பேச்ச நம்பி அடுத்த அடிக்கு காத்திருக்கும். அங்க மொத வேலை பாதுகாப்பா இருக்குறது. பெண்களுக்கு 181, பிள்ளைங்களுக்கு 1098, பிள்ளையே கூட கூப்பிடலாம்.

பெரியவன பத்தி சொல்லாம விட்டுட்டேன். பாய்ல உக்காந்து பேசுனப்ப அவன் "சரி"ன்னு ஒரு வார்த்தை சொன்னதோட சரி. பத்து வயசு தாண்டுன பிள்ளைங்கள மூஞ்சிக்கு நேரா உக்கார வச்சா பேச்சே வராது, பக்கத்துல ஏதாவது வேலை பாத்துக்கிட்டே இருந்தாத்தான் வரும். மூணு வாரம் கழிச்சு அவங்க அப்பா கூட வண்டியில மாட்டுத்தாவணி போயிட்டு வரும்போது, தெப்பக்குளம் தாண்டி பின்னாடி இருந்து கேட்டுருக்கான், "நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சுருவீங்களாப்பா?" அவர் வண்டிய நிறுத்தல, திரும்பிப் பாக்கவும் இல்ல. "இல்லப்பா. அதப் பத்தி நாங்க பேசுனதே இல்ல. மூணு வாரமா இதத்தான் நெனைச்சுக்கிட்டு இருந்தியா?"ன்னு கேட்டுருக்கார். அவன் "ம்"னு சொல்லிட்டு அவர் முதுகுல தலைய சாச்சுக்கிட்டானாம்.