"பிள்ளைக்கு ஒரு ஸ்பூன் தண்ணி குடும்மா"ன்னு பெரியவங்க சொன்னா என்ன பேசுறது? படிப்படியா சொல்றேன்

பிரசவம் முடிஞ்சு வீட்டுக்கு வந்த அன்னைக்கே அட்வைஸ் ஆரம்பிச்சிடும். சேனை தொட்டு வை, உரை மருந்து குடு, மூக்குல ரெண்டு சொட்டு எண்ணெய் விடு. யார் மனசும் கோணாம, நம்ம முடிவும் மாறாம இதை எப்படி சமாளிச்சேன்னு எழுதுறேன், தண்ணி விஷயத்தை மட்டும் உதாரணமா எடுத்துக்கிறேன், ஏன்னா எங்க வீட்ல ஓயாம வந்தது அதுதான்.

படி 1: எதுல விட்டுக்குடுக்கலாம்னு முன்னாடியே பிரிச்சு வைங்க. கன்னத்துலயோ உள்ளங்கால்லயோ திருஷ்டி பொட்டு, குளிப்பாட்டுறதுக்கு முன்னாடி தேங்காய் எண்ணெய் தடவி நீவி விடுறது, இதெல்லாம் தாராளமா சரின்னு சொல்லுங்க. ஒரு வயசுக்குள்ள தேன், ஆறு மாசத்துக்குள்ள தண்ணி, உரை மருந்து, மூக்குல காதுல எண்ணெய், கண்ணுக்குள்ள மை, இதுல எதுக்கும் ஒத்துக்காதீங்க. மூக்குல விடுற எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம். தேன்ல சில சமயம் இருக்கிற கிருமி சின்னக் குழந்தை குடலுக்குள்ள வளந்து விஷத்தை உண்டாக்கும். இந்த லிஸ்ட்டை வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லி வைங்க, ரெண்டு பேரும் ஒரே பதில் சொல்லணும்.

படி 2: சொல்றவங்களோட பயம் என்னன்னு கண்டுபிடிங்க. அத்தை தண்ணி குடுன்னு சொன்னா அவங்க மனசுல ஓடுறது "வெயில்ல பிள்ளைக்கு தொண்டை காயுதே, பால் பத்தலையோ"ங்கிறதுதான். அதுக்கு பதில் இருக்கு. தாய்ப்பால்ல நூத்துக்கு 87 பங்குக்கு மேல தண்ணிதான். பால் பத்துதான்னு அவங்களே பாத்துக்கலாம், பொறந்து ஒரு வாரம் ஆன பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்கு போனா பால் போதுது. அதோட ரெண்டு வாரத்துக்குள்ள பொறந்த எடையை எட்டிடணும். தண்ணிய ஊத்தி வயிறு நிறைச்சா பிள்ளை பால் குடிக்கிறது குறையும், அதனால பால் சுரப்பும் குறையும், கடைசில "பால் பத்தல"ங்கிற பயமே நிஜமாயிடும்.

படி 3: பதில் சொல்றது. நிறைய பேர் மாட்டிக்கிற இடம் இதுதான், கொஞ்சம் நிதானமா படிங்க. மூத்தவங்க மனசு நோகக்கூடாதுன்னு "பாக்கலாம் அத்தை"ன்னு சொல்லுவோம், அது அவங்க காதுல சரின்னுதான் விழும், மறுநாள் காலைல பாலாடையோட வந்து நிப்பாங்க, அப்ப வேணாம்னு சொன்னா முதல் நாளே சொல்லியிருந்தா வராத வருத்தம் வரும். இன்னொரு பக்கம் எடுத்த எடுப்புலயே "டாக்டர் வேணாம்னு சொல்லிட்டாரு"ன்னா, "நாங்க அஞ்சு பிள்ளை வளத்தப்ப எந்த டாக்டர் இருந்தாரு"ன்னு வரும், அது அவங்க வாழ்க்கையவே தப்புன்னு சொன்ன மாதிரி ஆயிடும். அதனால நான் சொல்றது இப்படி:

"ஆமா அத்தை, வெயில் கொளுத்துது, எனக்கும் அந்த கவலைதான். அதான் நேரம் பாக்காம அவன் தேடுறப்பல்லாம் பால் குடுக்கேன். ஆறு மாசம் வரைக்கும் தண்ணி குடுக்கல அத்தை. இன்னைக்கு எத்தனை துணி நனைச்சான்னு நீங்க கொஞ்சம் பாத்துக்கிடுதீங்களா?"

முதல்ல அவங்க கவலைய ஒத்துக்கிறோம், அப்புறம் முடிவை ஒரே வாக்கியத்துல காலத்தோட சொல்றோம், கடைசியா பிள்ளை சம்பந்தமா ஒரு நிஜமான வேலைய அவங்க கையில குடுக்குறோம். காரணத்தை அடுக்காதீங்க, ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் வரும். மறுபடி கேட்டா அதே வாக்கியம், அதே குரல். நாலாவது தடவை குரல் ஏறுச்சுன்னா முதல் மூணு தடவை பொறுமையா சொன்னது வீண்.

படி 4: ஒன்றரை மாச தடுப்பூசிக்கு அவங்களையும் கூட்டிட்டு போங்க. வாட்ஸ்அப்ல வீடியோ அனுப்புறது எனக்கு பிடிக்கல, அது பாடம் எடுக்குற மாதிரி இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸம்மா எடை போடுறப்ப பக்கத்துல நின்னு அத்தையே கேக்கட்டும், நீங்க வாயே திறக்காதீங்க. தாய் சேய் அட்டைல எடை ஏறியிருக்கிறத அவங்களே பாத்தா பாதி பயம் போயிடும்.

அப்டேட்: "நான் தூங்குறப்ப குடுத்துடுறாங்க, என்ன செய்ய?"ன்னு சிலர் கேட்டிருந்தீங்க. அங்க மருமக பேசுறத விட மகன் பேசுறதுதான் சரி, தனியா, மத்தவங்க இல்லாதப்ப, "அம்மா, இது நாங்க ரெண்டு பேரும் எடுத்த முடிவு"ன்னு. ஒரு ஸ்பூன் கொதிச்சு ஆறுன தண்ணி ஏற்கனவே போயிருந்தா சண்டை வேணாம், அடுத்ததை நிறுத்துனா போதும். ஆனா தேன் குடுத்திருந்து, அதுக்கப்புறம் பிள்ளை மலம் போகாம, சத்தமா அழ முடியாம, பால் உறிஞ்ச முடியாம துவண்டு கிடந்தா, வீட்ல யார் என்ன சொன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போங்க. தேன் குடுத்த விஷயத்தை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.