தாலி கட்டும் நேரத்தில் போன்கள் மறைக்காமல் இருக்க

'செல்போனைத் தவிர்க்கவும்' என்று பத்திரிகையில் அச்சடித்தால் முகூர்த்தத்தன்று யாருக்கு நினைவிருக்கப் போகிறது? தாலித் தட்டு ஆசி வாங்கச் சபையைச் சுற்றி வரும்போது சொல்வதுதான் பலிக்கும். தாய்மாமா மைக்கில், "பெரியவங்க உட்கார்ந்தே பார்க்கணும். போனை உள்ள வெச்சுட்டு அட்சதையைக் கையில வெச்சுக்குங்க. தாலி கட்டினதும் நீங்களே படம் எடுக்கலாம்" என்று சொல்லட்டும். கெட்டிமேளம் தொடங்கிவிட்டால் எதுவும் காதில் விழாது.

மேடையேறி மறைப்பது பெரும்பாலும் நெருங்கிய சொந்தம்தான். அவர்களிடம் முதல் நாள் இரவே தனியாகச் சொல்லிவிடுங்கள். வெளியூர் உறவுக்கு வீடியோ காலில் காட்ட வேண்டுமா? சரி, ஒரே ஒரு போனை ஸ்டாண்டில் மாட்டி, புகைப்படக்காரர் பக்கத்தில் வைத்தால் போதும்.