ரேடியோ இணைப்பு போனால் பம்ப் என்ன செய்யும்? தொலைவுத் தொட்டிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பம்ப் ஓரிடத்தில் இருக்கிறது, அது நிரப்பும் தொட்டி இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் கேபிள் இழுக்க வழியில்லாததால் இரண்டு பக்கமும் வயர்லெஸ் ஐ.ஓ. மாட்யூல் வைக்கிறோம். தொட்டிப் பக்கம் லெவல் டிரான்ஸ்மிட்டர் கொடுக்கும் 4–20 மில்லிஆம்பியர் சிக்னல், பம்ப் பக்க மாட்யூலில் அதே 4–20 ஆக வெளியே வரும். பிஎல்சி அதைப் பார்த்து பம்பை ஓட்டும், நிறுத்தும். ரேடியோ ஒழுங்காக ஓடும்வரை இதில் பெரிய சிக்கல் இல்லை. அது நின்றுபோகும்போது வெளியீடு என்ன நிலைக்குப் போகவேண்டும் என்பதை யாரும் உட்கார்ந்து யோசிக்காமல் விட்டுவிடுவதுதான் பிரச்சினை.

பல மாட்யூல்களில் இணைப்பு போனால் கடைசியாக வந்த மதிப்பையே பிடித்து வைத்துக்கொள்ளும் அமைப்பு இருக்கும். அதைத் தொடாமல் விட்டால் நடப்பது இதுதான்: தொட்டி பாதி நிறைந்திருக்கும்போது இணைப்பு போகிறது, வெளியீடு 12 மில்லிஆம்பியரிலேயே நிற்கிறது. பிஎல்சிக்கு அது நல்ல சிக்னல், 50 சதவீதம். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டி வழிந்துகொண்டே இருக்கும், திரையில் ஒரு அலாரமும் வராது.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்து செய்யும் தவறு இன்னும் மோசமானது. "இணைப்பு போனால் பூஜ்யம்" என்று அமைத்துவிட்டு, பாதுகாப்பாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். பூஜ்ய சதவீதம் என்றால் 4 மில்லிஆம்பியர். 4 மில்லிஆம்பியர் என்றால் தொட்டி காலி. தொட்டி காலி என்றால் பிஎல்சி பம்பை ஓட்டும்! நின்றிருந்த பம்பைக்கூட இணைப்புக் கோளாறு கிளப்பிவிடுகிறது.

அதனால் தோல்வி நிலையில் வெளியீடு அளவீட்டு எல்லைக்கு வெளியே போகவேண்டும். நாமூர் என்இ 43 பரிந்துரைப்படி 3.8 முதல் 20.5 வரை அளவீடு, 3.6-க்குக் கீழே அல்லது 21-க்கு மேலே போனால் கோளாறு. மாட்யூலை 3.5 அல்லது அதற்கும் கீழே அமைக்கலாம். ஆனால் பாதி வேலை பிஎல்சி பக்கம் இருக்கிறது. 3.6-க்குக் கீழே வந்தால் "லெவல் தெரியவில்லை, பம்பை நிறுத்து" என்று நிரலில் எழுதாவிட்டால், அதுவும் வெறும் 'மிகக் குறைந்த லெவல்' ஆகிவிடும். மறுபடியும் பம்ப் ஓடும்.

மிதவை சுவிட்சும் ரிலேயும் மட்டும் வைத்த அமைப்புக்கும் இதே கணக்குதான். "தொட்டி நிறைந்தது" என்ற செய்தியை அனுப்பாதீர்கள், அந்தச் செய்தி வராமல் போனால் பம்ப் நிற்காது. "ஓடலாம்" என்ற அனுமதியை அனுப்புங்கள். மிதவையின் கான்டாக்ட் மூடியிருக்கும்வரை அனுமதி உண்டு. இணைப்பு போனால் ரிலேயை விடும்படி பம்ப் பக்க மாட்யூலை அமைத்துவிட்டால், நிறைந்தாலும், வயர் அறுந்தாலும், ரேடியோ போனாலும், மாட்யூலுக்கு மின்சாரம் போனாலும் ரிலே விழும், கான்டாக்டரும் விழும்.

சரி, இணைப்பு போய்விட்டது என்று எத்தனை நேரத்தில் முடிவு செய்வது? பலர் ஏதோ ஒரு டைம்அவுட்டைப் போட்டுவிடுகிறார்கள். அதைத் தொட்டியிடம்தான் கேட்கவேண்டும். 100 கன மீட்டர் தொட்டி, 90 சதவீதத்தில் பம்ப் நிற்கவேண்டும், 95-ல் வழியும் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருப்பது 5 கன மீட்டர். பம்ப் மணிக்கு 60 கன மீட்டர் தள்ளினால் நிமிடத்துக்கு ஒன்று. யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்தில் உங்கள் கையில் இருப்பது ஐந்து நிமிடம் மட்டுமே. மாட்யூல் நிமிடத்துக்கு ஒருமுறை பேசினால், மூன்று செய்தி தவறியதும் நிறுத்தலாம். அது மூன்று நிமிடம், மீதி இரண்டு நிமிட இடைவெளி. ஒரே ஒரு செய்தி தவறியதற்காகப் பம்ப் நிற்கவும் செய்யாது.

இதே இடத்தில் பேட்டரியை மிச்சப்படுத்த பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் பேசும் மாட்யூலை வைத்தால் என்ன ஆகும்? 89 சதவீதம் என்று சொல்லிவிட்டு அது தூங்கப்போகும். அடுத்த முறை விழிக்கும்போது தொட்டி வழிந்துகொண்டிருக்கும், அதுவும் இணைப்பு நன்றாக இருக்கும்போதே. அப்படிப்பட்ட மாட்யூல்தான் வேண்டுமென்றால் நிறுத்தும் லெவலை 70-க்கு இறக்குங்கள். 25 நிமிட இடம் கிடைக்கும், இரண்டு செய்தி தவறியபின் 21-வது நிமிடத்தில் நிறுத்தினால்கூட 91-ஐ ஒட்டித்தான் நிற்கும். பயன்படும் கொள்ளளவு குறையும். அதுதான் பேட்டரிக்குக் கொடுக்கும் விலை.

கண்ணுக்கே தெரியாத தவறு ஒன்று, பம்ப் பக்க மாட்யூலின் 4–20 வெளியீட்டுக்குப் பதிலாக கேட்வே வைத்த அமைப்பில் இருக்கிறது. பிஎல்சி மோட்பஸ் வழியாக கேட்வேயிடம் லெவலைக் கேட்கிறது, கேட்வே உடனே பதில் சொல்கிறது. பிஎல்சியைப் பொறுத்தவரை தொடர்பு நலம். ஆனால் சில கேட்வேக்கள் தொட்டி மாட்யூல் செத்துப்போன பிறகும் பழைய மதிப்பையே ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு பதில் சொல்லும். எனவே லெவலோடு சேர்த்து, அந்தத் தொட்டி மாட்யூலின் இணைப்பு நிலை ரெஜிஸ்டரையும் படியுங்கள். தொட்டிப் பக்கம் நிரல் எழுத முடிந்தால், ஒவ்வொரு செய்தியிலும் ஒன்று கூடும் எண் ஒன்றை அனுப்பி, அது மாறாமல் நின்றால் டைம்அவுட் என்று வைப்பதுதான் நான் நம்பும் வழி. தொட்டிப் பக்க நிரல் முதல் பிஎல்சி வரை நடுவில் எது உறைந்தாலும் அந்த எண்ணும் உறைந்துவிடும்.

"நிறுத்துவதுதான் பாதுகாப்பு" என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கழிவுநீர்க் குழியைக் காலி செய்யும் பம்ப் நின்றால் குழி வழியும். நிரப்பும் தொட்டியிலும், பழுது பார்க்க ஆள் போய்ச் சேர்வதற்குள் தொட்டி வற்றிவிடும் என்றால் மாற்று வழி தேவை. பம்ப் பக்கம் ஃப்ளோ மீட்டர் இருந்தால் ஒரு நல்ல வழி உண்டு. அதே 100 கன மீட்டர் தொட்டியில் கடைசியாக வந்த நல்ல லெவல் 60 சதவீதம், நிறுத்தும் லெவல் 90 என்றால், அந்தச் செய்தி வந்த நேரத்திலிருந்து எண்ணி 30 கன மீட்டர் வரை தள்ளலாம். யாரும் ஒரு சொட்டுகூட எடுக்காவிட்டாலும் தொட்டி வழியாது. 30 முடிந்ததும் நிறுத்தி, ஆளைக் கூப்பிடவேண்டும். அதற்கு மேல் அந்தக் கணக்கை நீட்டக்கூடாது.

அப்புறம், இணைப்பு திரும்பியதும் பம்பை உடனே கிளப்பாதீர்கள். மழையில் நனைந்த மரங்களுக்கு நடுவே தடுமாறும் இணைப்பு வந்து வந்து போகும், ஒவ்வொரு முறையும் மோட்டார் ஸ்டார்ட் ஆனால் வைண்டிங் சூடேறிக் கெடும். தொடர்ந்து சில செய்திகள் ஒழுங்காக வந்தபிறகு, மோட்டாரின் குறைந்தபட்ச ஓய்வு நேரமும் முடிந்திருந்தால் ஓட்டலாம்.

சோதனை என்ற பெயரில் தொட்டி மாட்யூலை மட்டும் ஆஃப் செய்து பார்ப்பது போதாது. பம்ப் ஓடும்போது தொட்டி மாட்யூலின் மின்சாரம், லெவல் சென்சாரின் வயர், கேட்வேயின் மின்சாரம் ஆகியவற்றைத் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். பம்ப் நின்றிருக்கும்போதும் ஒருமுறை செய்யுங்கள், 4 மில்லிஆம்பியர் தவறு அப்போதுதான் பிடிபடும். ஆன்டெனாவைக் கழற்றிச் சோதிக்கவேண்டாம், ஆன்டெனா இல்லாமல் ஒலிபரப்பினால் சில ரேடியோக்களின் வெளியீட்டுப் பகுதி கெட்டுப்போகும். தொட்டியில் போதிய இடம் இருக்கும் நேரமாகப் பார்த்து, ஒருவர் ஸ்டார்ட்டர் பக்கம் கைக்கடிகாரத்தோடு நிற்கட்டும். தொட்டி மாட்யூலை எடுத்ததிலிருந்து கான்டாக்டர் விழும்வரை ஆன நேரத்தைப் பேனல் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்து யாராவது அமைப்பை மாற்றினால் அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.