புடவை யாருடையது? ஆன்லைன் விற்பனையை முழுத்தொகையாக எழுதுவதா, கமிஷனாக எழுதுவதா

பெங்களூர் அல்சூரில் வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் புடவை விற்கும் ஒரு அக்காவின் கணக்கை எடுத்துக்கொள்வோம். அவர் விற்பது புடவை மட்டும்தான். ஆனால் சரக்கு மூன்று வழியில் வருகிறது. காஞ்சிபுரம் பட்டை அவரே காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைக்கிறார். சேலத்து நெசவாளர் ஒருவர் பருத்திப் புடவைகளை அனுப்பி, "விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பி அனுப்புங்க" என்கிறார். சின்னாளப்பட்டி சுங்குடியை அக்கா கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. அவருடைய இணையதளத்தில் ஆர்டர் விழுந்ததும் அங்கிருந்தே நேராக வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்விடுகிறது.

மூன்றிலும் வாடிக்கையாளரின் பணம் அக்காவின் வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. அதனால் மூன்றையும் ‘விற்பனை’ என்று ஒரே தலைப்பில் போட்டுவிடத் தோன்றும். அது தவறு. சொந்தப் பொறுப்பில் விற்றால் அக்கா முதன்மையாளர். அப்போது முழு விற்பனைத் தொகையும் அவர் வருமானம். இன்னொருவருக்காக விற்றுக் கொடுத்தால் அவர் முகவர். அப்போது கமிஷன் மட்டுமே அவர் வருமானம்.

இந்த விதி புதிதல்ல. சிறு தொழில்களுக்குப் பொருந்தும் கணக்கியல் தரம் ஏஎஸ் 9, முகவர் உறவில் கமிஷன்தான் வருமானம், கைக்கு வரும் மொத்தப் பணம் அல்ல என்று நேராகவே சொல்கிறது. ஆனால் யார் முகவர் என்று கண்டுபிடிக்கும் வழியை அது விரிவாகச் சொல்வதில்லை. அந்த வழி, பெரிய நிறுவனங்களுக்காக 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இண்ட் ஏஎஸ் 115-இல் இருக்கிறது. அந்தத் தரம் அக்காவைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. என்றாலும், யோசிக்கும் முறையை அங்கிருந்து எடுத்துக்கொள்வதுதான் நல்லது.

கீழே வரும் எல்லாத் தொகையும் ஜிஎஸ்டி நீங்கலாக, ஒரு மாதக் கணக்கு.

படி 1: கடையைப் பார்க்காதீர்கள், சரக்கைப் பாருங்கள்

"நான் முதன்மையாளரா, முகவரா?" என்று கடை முழுவதற்கும் ஒரே விடை தேடினால் கிடைக்காது. ஒரே கடை ஒரு சரக்குக்கு முதன்மையாளராகவும் இன்னொன்றுக்கு முகவராகவும் இருக்கலாம். அதனால் சரக்கு வரும் வழி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விடை காண வேண்டும். அக்காவுக்கு மூன்று வழிகள் என்பதால் மூன்று விடைகள்.

படி 2: வாடிக்கையாளர் கைக்குப் போகும் முன் புடவை யார் சொல்படி நடக்கிறது?

இதுதான் மையக் கேள்வி. புடவையை யாருக்கு விற்பது, விற்காமல் வைத்துக்கொள்வதா, வேறு கடைக்குத் தள்ளிவிடுவதா என்று முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருக்கிறது? அதன் லாபமும் நஷ்டமும் யாருக்குப் போகிறது? வாடிக்கையாளருக்குப் போகும் முன் அந்தக் கட்டுப்பாடு அக்காவிடம் இருந்தால் அவர் முதன்மையாளர்.

புடவை யார் வீட்டில் இருக்கிறது என்பது இதற்கு விடையாகாது. சேலத்துப் புடவை அக்காவின் பீரோவில்தான் இருக்கிறது. ஆனால் நெசவாளர் நாளைக்கே திருப்பிக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். காஞ்சிபுரம் பட்டை யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

படி 3: மூன்று அடையாளங்கள்

கட்டுப்பாடு யாரிடம் என்று தெளிவாகத் தெரியாதபோது இண்ட் ஏஎஸ் 115 மூன்று அடையாளங்களைத் தருகிறது. வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்குக்கு முதல் பொறுப்பு யார்? விற்காமல் தேங்கினாலோ திரும்பி வந்தாலோ நஷ்டம் யாருக்கு? விலை வைப்பது யார்? இவற்றை மதிப்பெண் போட்டு, மூன்றுக்கு இரண்டு என்று கூட்டி முடிவு செய்யக் கூடாது. படி 2-இன் கேள்விக்கு விடை காண உதவுபவை இவை, அவ்வளவுதான்.

காஞ்சிபுரம் பட்டில் குழப்பமே இல்லை. 20 புடவை, ஒன்று 6,000 ரூபாய் என்று வாங்கியாயிற்று. விற்காவிட்டால் நஷ்டம் அக்காவுக்கு. விலை 8,000 என்று வைத்ததும் அவரே. அவர் முதன்மையாளர். 10 விற்றன என்றால் வருமானம் 80,000, அடக்கம் 60,000.

சேலத்துப் பருத்தியில் நெசவாளர் 30 புடவை அனுப்பியிருக்கிறார். விலை 2,000 என்று அவரே சொல்லிவிட்டார். அக்காவுக்கு 15 சதவீதம், அதாவது புடவைக்கு 300 ரூபாய். விற்காதவை நெசவாளர் செலவிலேயே திரும்பிப் போகும். இங்கே அக்கா முகவர். மழைத் தண்ணீரில் நனைந்து அந்தப் புடவை கெட்டால் அக்கா ஈடு கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கலாம். அதை வைத்து ‘நஷ்டம் எனக்குத்தானே, அப்போ நான் முதன்மையாளர்’ என்று முடிவு கட்டக் கூடாது. அது ஒப்படைத்த பொருளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. விற்காமல் தேங்கும் நஷ்டம் வேறு.

தீபாவளிக்கு அக்கா தன் கமிஷனிலிருந்து 200 ரூபாய் தள்ளுபடி கொடுத்தால்? முகவருக்கும் விலையைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்க இடம் இருக்கலாம். அதனால் மட்டும் அவர் முதன்மையாளர் ஆகிவிட மாட்டார். அந்தப் புடவைக்கு அவர் வருமானம் 300-க்குப் பதில் 100 ஆகும். ஆனால் ஒப்பந்தத்தில் ‘60 நாளில் விற்காதவற்றை நீங்களே எடுத்துக்கொண்டு பணம் தர வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தால் கதை மாறிவிடும். 60 நாள் முடிந்ததும் மிச்சப் புடவைகள் அக்காவுடையவை. அதன்பின் விற்பவற்றுக்கு அவர் முதன்மையாளர்.

சின்னாளப்பட்டி சுங்குடியில்தான் நின்று யோசிக்க வேண்டும். ‘சரக்கைத் தொடவே இல்லை, அதனால் முகவர்’ என்று பலர் சொல்லக் கேட்கலாம். தொடுவதும் தொடாததும் விடை அல்ல. ‘பில் என் பெயரில், அதனால் முதன்மையாளர்’ என்பதும் அவசர முடிவுதான். உரிமை ஒரு கணம் அக்காவின் பெயரில் வந்து உடனே வாடிக்கையாளருக்குப் போனால், அது மட்டும் கட்டுப்பாடு ஆகாது.

அக்காவின் ஏற்பாடு இப்படி வைத்துக்கொள்வோம். அவர் மாதத் தொடக்கத்தில் 10 சுங்குடியை 1,100 ரூபாய் வீதம் உறுதி செய்து ஒதுக்கி வைக்கச் சொல்கிறார். விற்றாலும் விற்காவிட்டாலும் பணம் கொடுத்தாக வேண்டும். விலை 1,500 என்று வைப்பவர் அவர். நிறம் மாறிப் போனால் வாடிக்கையாளர் அக்காவைத்தான் அழைப்பார். பிடிக்காமல் திருப்பினால் புடவை அல்சூருக்கு வரும், சின்னாளப்பட்டியில் திரும்ப எடுக்க மாட்டார்கள். ஒதுக்கிய புடவையை யாருக்கு அனுப்பச் சொல்வது என்பதும் அக்காவின் கையில். இங்கே அவர் முதன்மையாளர். 10-உம் விற்றால் வருமானம் 15,000, அடக்கம் 11,000.

அதே புடவை, ஏற்பாடு மட்டும் வேறு: ஒதுக்கீடு கிடையாது, தளத்தில் விற்பவர் என்று சின்னாளப்பட்டி நெசவாளரின் பெயர் இருக்கிறது, விலை அவருடையது, திரும்பி வந்தால் அவரே எடுத்துக்கொள்கிறார். அப்போது அக்கா முகவர். புடவைக்கு 400 வீதம் 4,000 மட்டுமே வருமானம். இண்ட் ஏஎஸ் 115-க்கு மூலமான சர்வதேசத் தரம் ஐஎஃப்ஆர்எஸ் 15-இன் எடுத்துக்காட்டு 45-இல் வரும் இணையதளக்காரரும் கிட்டத்தட்ட இந்த நிலையில் இருப்பவர்தான்.

இரண்டுக்கும் நடுவே இருந்தால், ஒரு கேள்வி உதவும்: அனுப்பும் முன் வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்தால் அக்காவின் பையிலிருந்து ஏதாவது போகிறதா? எதுவும் போகாது, விலையும் அவர் வைப்பதில்லை என்றால் முகவர் பக்கமே சாய்வேன்.

படி 4: ஏட்டில் எழுதுவது

சேலத்துப் புடவை 15 விற்றது, 30,000 வந்தது. டேலியிலோ நோட்டிலோ இப்படி வரும்:

வங்கி – பற்று 30,000
சேலம் நெசவாளர் – வரவு 25,500
கமிஷன் வருமானம் – வரவு 4,500

25,500 அக்காவின் பணம் அல்ல, கொடுக்க வேண்டிய கடன். மிச்சம் பீரோவில் இருக்கும் 15 புடவையும் மார்ச் 31 கையிருப்புப் பட்டியலில் வரக் கூடாது. அது நெசவாளரின் கையிருப்பு. கையிருப்பை எண்ணும்போது கொள்முதல் பில் இல்லாத புடவை பட்டியலில் தெரிந்தால், முகவர் சரக்கு உள்ளே கலந்துவிட்டது என்று அர்த்தம்.

மாத முடிவில் சரியான வருமானம் 80,000 + 4,500 + 15,000, ஆக 99,500. எல்லாவற்றையும் விற்பனை என்று போட்டிருந்தால் 1,25,000. மொத்த லாபம் இரண்டிலும் 28,500தான். ஆனால் லாப விகிதம் முதலாவதில் 28.6 சதவீதம், இரண்டாவதில் 22.8 சதவீதம். இரண்டாவது மாதிரி எழுதியிருந்தால், கடன் கேட்டுப் போகும்போது வங்கி பார்ப்பது ஊதிப்போன விற்பனையும் சுருங்கிய விகிதமும்தான்.

படி 5: வங்கியில் விழுந்த தொகையை விற்பனை என்று நம்பாதீர்கள்

இது எதிர்ப்பக்கத் தவறு. அக்கா காஞ்சிபுரம் பட்டில் 5-ஐ ஒரு பெரிய விற்பனைத் தளம் வழியாக விற்றார். புடவைக்கு 8,000. தளம் தன் கட்டணம் 1,200, ஜிஎஸ்டி டிசிஎஸ் 40 (0.5 சதவீதம், 2024 ஜூலை 10 முதல்), வருமான வரி டிடிஎஸ் 8 (0.1 சதவீதம், 2024 அக்டோபர் 1 முதல்) பிடித்துக்கொண்டு 6,752 அனுப்பியது. ஐந்துக்கும் சேர்த்து 33,760.

இங்கே முகவர் அந்தத் தளம்தான், அக்கா அல்ல. அவர் விற்பனை 40,000. அதில் 6,000 செலவு. டிசிஎஸ் 200-உம் டிடிஎஸ் 40-உம் செலவே அல்ல, வரிக் கணக்கில் அவருக்கு வரவாக நிற்கும் தொகை. 33,760-ஐ விற்பனை என்று எழுதினால் அந்த 240 ரூபாய் வரவும் கண்ணில் படாமல் போய்விடும். தளம் தரும் செட்டில்மென்ட் அறிக்கையை மாதாமாதம் இறக்கி, அதன் மொத்த விற்பனை வரியிலிருந்து பதிவைத் தொடங்குங்கள்.

படி 6: ஜிஎஸ்டி வேறு கேள்வி கேட்கும்

கணக்கில் முகவர் என்று முடிவு செய்தால் ஜிஎஸ்டியிலும் கமிஷன் மட்டும்தான் என்று நினைக்கக் கூடாது. 2018 செப்டம்பர் 4 தேதியிட்ட 57/31/2018 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளருக்கு இன்வாய்ஸ் யார் பெயரில் போகிறது என்பதுதான் அங்கே முக்கியம். சேலத்துப் புடவைக்கு அக்கா தன் பெயரில் இன்வாய்ஸ் போட்டால், நெசவாளர் அவருக்கு அனுப்பியதே ஜிஎஸ்டி பார்வையில் ஒரு வழங்கல், அதாவது சப்ளை, ஆகிவிடும். அக்காவின் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-இல் முழு 30,000-உம் வரும். நெசவாளர் பெயரில் இன்வாய்ஸ் போனால் அக்காவின் வழங்கல் 4,500 கமிஷன் சேவை மட்டுமே.

அதனால் ரிட்டர்னில் 30,000, லாப நஷ்டக் கணக்கில் 4,500 என்று இருப்பது தவறல்ல. இந்த 25,500 வித்தியாசத்தை ஒரு தாளில் மாதாமாதம் எழுதி, ஒப்பந்த நகலோடு சேர்த்து வையுங்கள். அதே தாளில் அந்தச் சரக்குக்கு விலை யார் வைக்கிறார், திரும்பி வந்தால் யார் எடுக்கிறார், விற்காதது யாருடையது என்று மூன்று வரி எழுதினால் ஆடிட்டர் கேட்கும்போது தேட வேண்டியதில்லை. நெசவாளருடன் பேசி ஏற்பாட்டை மாற்றும் நாளில் அந்த மூன்று வரியையும் தேதியோடு திருத்துங்கள். அன்றிலிருந்து விற்பவற்றுக்குப் பதிவும் மாறக்கூடும்.